இத்தாலிக்குப் போகும் நோக்கக் கடிதம்: ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வெளிநாட்டில் முதுகலை படிக்க நினைக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் மொழி பற்றிய ஒரு சேதியாக எடுத்துக்கொள்ளலாம்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் படித்த ஒரு மாணவி, பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறாள். புதுச்சேரிப் பக்கம், அரிக்கமேட்டுக்கு அருகில் வீடு. இத்தாலியில் தொல்லியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறாள். இத்தாலியில் ஆங்கிலத்திலேயே நடக்கும் முதுகலைப் படிப்புகள் நிறைய உண்டு. அவற்றுக்கு ஆங்கிலக் கடிதமே போதும். இவள் தேர்ந்தெடுத்ததோ இத்தாலிய மொழியில் நடக்கும் படிப்பு. அதற்காக இரண்டு வருஷமாக இத்தாலியமும் படிக்கிறாள். எஸ்.ஓ.பி. என்று நம் பிள்ளைகள் சொல்கிற நோக்கக் கடிதத்தை முதலில் ஆங்கிலத்தில் எழுதி, ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் பணம் கொடுத்து இத்தாலியத்தில் வாங்கியிருக்கிறாள். இரண்டையும் எனக்கு அனுப்பி, "டீச்சர், அனுப்பறதுக்கு முன்னாடி ஒருமுறை பாருங்க" என்றாள்.

நான் மகள் வீட்டில் தூரினில் இருப்பதும், இங்கே பெரியவர்களுக்கான அரசுப் பள்ளியில் மொழி படித்ததும் உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற இத்தாலிய ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவரையும் வைத்துக்கொண்டுதான் படித்தேன். அவள் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கில எஸ்.ஓ.பி.யை இத்தாலியத்தில் மொழிபெயர்க்கக் கூடாது. நோக்கத்தை எடுத்துக்கொண்டு, இத்தாலியர்கள் அப்படிப்பட்ட கடிதம் எழுதும் முறையில் புதிதாக எழுத வேண்டும். அப்படி எழுதும்போது பல இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழிலிருந்து போவது கிட்டத்து வழி. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் படிப்பின் பெயர்

நிறுவனம் கொடுத்த மொழிபெயர்ப்பின் முதல் வரியே தப்பு. "மாஸ்டர்ஸ்" என்ற ஆங்கிலச் சொல்லை இத்தாலியத்தில் "மாஸ்டெர்" என்று போட்டிருந்தார்கள். இத்தாலியத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் அது வேறு ஒரு படிப்பு.

நம் முதுகலைக்குச் சமமான இரண்டு வருஷப் படிப்பின் பெயர் "லாவ்ரேயா மஜிஸ்த்ராலே". அதற்கு 120 கிரெடிட். மூன்று வருஷ இளங்கலைக்கு "லாவ்ரேயா த்ரியென்னாலே", அதற்கு 180 கிரெடிட். "மாஸ்டெர்" என்பது பட்டம் முடித்தவர்கள் ஒரு தொழில் திறமைக்காகச் சேரும் தனிப் படிப்பு. பெரும்பாலும் ஒரு வருஷம், 60 கிரெடிட். இளங்கலைக்குப் பின் சேரும் முதல் நிலை "மாஸ்டெர்" முடித்தால் அதை வைத்து முனைவர் பட்டத்துக்குப் போக முடியாது. இவளுக்கோ பிறகு ஆராய்ச்சி செய்ய ஆசை. கடிதத்தின் கடைசிப் பத்தியில் முனைவர் பட்டம் என்று எழுதிவிட்டு, முதல் வரியில் அந்த வழிக்கே போகாத படிப்பின் பெயரை எழுதினால், படிக்கிற பேராசிரியர் என்ன நினைப்பார்? எங்கே விண்ணப்பிக்கிறோம் என்பதே தெரியாத பெண் என்றுதான் நினைப்பார்.

இதே வகையில் இன்னும் இரண்டு சொற்கள். "காலேஜ்" என்பதை "கொல்லேஜோ" என்று போட்டிருந்தார்கள். இத்தாலியத்தில் அது மாணவர் தங்கும் விடுதி அல்லது விடுதிப் பள்ளி. "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பது "ப்ரீமா க்ளாஸ்ஸே" ஆகியிருந்தது. ரயிலில் முதல் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு, இவைதான் அதற்கு அர்த்தம். பக்கத்து வீட்டு அம்மையார் அந்த வரியைப் படித்துவிட்டு, "இந்தப் பெண் ஒன்றாம் வகுப்பில் பாஸ் ஆனதை ஏன் எழுதுகிறாள்?" என்று கேட்டார். இத்தாலியில் ஒவ்வொரு தேர்வுக்கும் 30க்கு மதிப்பெண்; பட்டத்துக்கு 110க்கு. நாமாகக் கணக்குப் போட்டு 110க்கு மாற்றி எழுதுவதும் சரியில்லை. நம் பல்கலைக்கழகம் கொடுத்த சதவீதத்தை அப்படியே எழுதி, இந்திய முறையில் அது முதல் வகுப்பு என்று நாலு வார்த்தையில் விளக்கினால் போதும்.

தொடக்கப் பத்தி

ஆங்கிலக் கடிதம் எப்படித் தொடங்கியது என்று உங்களால் ஊகிக்க முடியும். சின்ன வயதிலிருந்தே வரலாறு என்றால் உயிர். பாட்டி சொன்ன கதைகள். ஆற்றங்கரையில் ஓடுகள் பொறுக்கிய நாட்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதும் மாதிரிக் கடிதங்களில் இந்தத் தொடக்கம் சகஜம். இத்தாலிய முறையில் இந்தக் கடிதத்தின் பெயர் "லெத்தெரா மொத்திவட்சியொனாலே", அதாவது ஏன் என்று சொல்லும் கடிதம். பெரும்பாலும் ஒரு பக்கம். என்ன படித்தேன், அதில் எதை ஆழமாகப் பார்த்தேன், ஏன் இந்தப் படிப்பு, இதற்குப் பின் என்ன. இந்த நாலுக்கும் விடை கிடைத்தால் தேர்வுக் குழுவுக்குப் போதும். பாட்டிக்கு அதில் இடமில்லை.

இவள் கடிதத்தில் உண்மையான விஷயம் மூன்றாவது பத்தியில் ஒளிந்திருந்தது. அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது இத்தாலியின் அரெட்சோ நகரத்துப் பாணியிலான சிவப்புப் பளபளப்புக் கிண்ணங்களின் உடைசல்கள் கிடைத்தன. செய்தவர் பெயர் முத்திரை பதித்த பாத்திரங்கள் அவை. காலம் தெரிந்த அந்தப் பாத்திரங்களை வைத்துத்தான் தென்னிந்திய அடுக்குகளுக்கே காலம் குறித்தார்கள். கூடவே உருளைக் கோடு போட்ட வேறு வகைத் தட்டுகளும் கிடைத்தன. அவற்றையும் முதலில் மத்தியதரைக் கடல் பக்கத்துத் தொழில்நுட்பத்தோடு இணைத்தார்கள். பின்னால் களிமண்ணைச் சோதித்தபோது அவை இந்தியாவில் செய்தவை என்று தெரிந்தது. என் மாணவி தன் இளங்கலைத் திட்டப் பணிக்காக ஓர் அருங்காட்சியகத்தில் ஆறு வாரம் உட்கார்ந்து பானை ஓடுகளை அளந்து, வரைந்து, அட்டையில் பதிந்திருக்கிறாள். எது வந்தது, எது இங்கேயே செய்தது என்று கண்ணாலும் களிமண்ணாலும் பிரித்தறியும் வேலையை, அந்தக் கிண்ணங்கள் செய்த நாட்டிலேயே போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவள் நோக்கம்.

இதைவிட நல்ல நோக்கம் உண்டா? இதை முதல் பத்திக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஆங்கிலத்தில் இருந்த "பேஷன்" என்ற சொல்லை எடுத்துவிட்டோம். இத்தாலியர்கள் கல்வி நடையில் எழுதும்போது ஓர் ஆர்வம் "பழுத்தது" என்று சொல்வார்கள். படிப்பினூடே மெல்ல உருவானது என்று பொருள். அவள் எழுதிய புது முதல் வரி இதுதான்: "தூரான்தே லா லாவ்ரேயா த்ரியென்னாலே இன் ஸ்தோரியா ஓ மத்தூராத்தோ உன் இன்தெரெஸ்ஸே பெர் லா செராமிகா ரொமானா." வரலாற்று இளங்கலையின்போது ரோமானிய மட்பாண்டங்களில் எனக்கு ஓர் ஆர்வம் முதிர்ந்தது. அவ்வளவுதான். அடுத்த வரியில் அரிக்கமேடு, அதற்கடுத்து ஆறு வார வேலை.

அந்த வேலையின் பெயரிலும் கவனம் வேண்டும். "ஓடுகளை வகைப்படுத்த உதவினேன்" என்று ஆங்கிலத்தில் பொதுவாக எழுதியிருந்தாள். இத்தாலியத் தொல்லியலில் ஒவ்வொரு பொருளையும் அளந்து அட்டையில் பதிவதற்கு "ஸ்கெதத்தூரா" என்று தனிச் சொல் இருக்கிறது. அந்தத் துறையில் இருப்பவர்கள் தினமும் சொல்லும் சொல். அது ஒன்று இருந்தால், இந்தப் பெண் கையால் வேலை செய்தவள் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட சொற்களை அகராதியில் தேட வேண்டாம். அந்தத் துறை இத்தாலியில் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளைப் படித்தால் தானாகக் கிடைக்கும்.

தமிழிலிருந்து போனால் கிட்டம்

இனி இலக்கணம். மூன்றே இடங்கள்.

ஒன்று, காலம். "இரண்டு வருஷமாக இத்தாலியம் படிக்கிறேன்" என்று தமிழில் சொல்கிறோம். வினை நிகழ்காலம், "ஆக" சேர்ந்ததால் இன்னும் தொடர்கிறது என்று புரிகிறது. இத்தாலியத்திலும் அச்சு அசலாக அப்படித்தான்: "ஸ்தூதியோ லித்தல்யானோ தா தூவே அன்னி." வினை நிகழ்காலம், நம் "ஆக" செய்யும் வேலையை "தா" செய்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு வேறு ஒரு காலம் உண்டு; பள்ளியில் உங்களைப் படாதபாடு படுத்தினேனே, அதேதான். மொழிபெயர்ப்பாளர் அதைப் பார்த்து இறந்தகாலத்தில் "ஓ ஸ்தூதியாத்தோ பெர் தூவே அன்னி" என்று எழுதிவிட்டார். அதன் பொருள், இரண்டு வருஷம் படித்தேன், பிறகு விட்டுவிட்டேன். இத்தாலிய மொழியில் நடக்கும் படிப்புக்கு விண்ணப்பிக்கிற பெண், மொழியை விட்டுவிட்டேன் என்று தானே எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிட்டது.

இரண்டு, "நான்". தமிழில் "படிக்கிறேன்" என்றால் போதும், "ஏன்" விகுதியே ஆளைச் சொல்லிவிடும். இத்தாலிய வினையும் அப்படியே. "ஸ்தூதியோ" என்பதன் "ஓ"தான் நம் "ஏன்". ஆங்கிலத்தில் "ஐ" இல்லாமல் வாக்கியம் நிற்காது. அதனால் ஒரு பக்கத்துக்குள் பதினாலு இடத்தில் "யோ", "யோ" என்று வந்திருந்தது. "நான்தான்" என்று அழுத்திச் சொல்லும் இடத்தில்தான் இத்தாலியர்கள் அதைப் போடுவார்கள். படிப்பவர் காதில் "நான் படித்தேன், நான் வரைந்தேன், நான் விரும்புகிறேன்" என்று தற்பெருமை போல் விழும். பதினாலையும் அடித்தோம். ஒன்றுகூடத் திரும்பத் தேவைப்படவில்லை.

மூன்று, ஆண்பால் பெண்பால். தமிழில் "படித்தேன்" என்றால் ஆணா பெண்ணா தெரியாது. "பட்டம் பெற்றவள்" என்றால் தெரிந்துவிடும். இத்தாலியத்திலும் "படித்தேன்" என்பதில் தெரியாது. "லாவ்ரேயாத்தா", அதாவது பட்டம் பெற்றவள், என்பதில் தெரியும். ஆணாக இருந்தால் "லாவ்ரேயாத்தோ". ஆங்கிலத்தில் இந்த வேறுபாடே இல்லாததால் மொழிபெயர்ப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. இவள் கடிதத்தில் இரண்டாவது வரியில் "ஆர்வமுள்ளவன்", ஐந்தாவது வரியில் "பட்டம் பெற்றவள்", கடைசியில் மறுபடியும் ஆண்பால். இரண்டு பேர் சேர்ந்து எழுதிய கடிதம் போல் இருந்தது. இதைச் சரிபார்ப்பது சுலபம். "இருக்கிறேன்" என்று பொருள்படும் "சோனோ" வரும் இடத்தையெல்லாம் வட்டமிட்டு, அடுத்து வரும் சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். "ஓ"வில் முடிந்தால் ஆண், "ஆ"வில் முடிந்தால் பெண். "ஏ"யில் முடிந்தால் இரண்டுக்கும் பொது.

மரியாதை எந்த அளவு?

கல்வி நடை என்றவுடன் நம் பிள்ளைகள் ஒன்று பேச்சு மொழியில் எழுதுகிறார்கள், இல்லையென்றால் தாலுகா ஆபீஸ் மனு நடைக்குப் போய்விடுகிறார்கள். "கீழே கையொப்பமிட்டுள்ள நான் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்" என்று நாம் எழுதுகிறோமே, இத்தாலியத்திலும் அதே மாதிரி உண்டு. "லா சொத்தொஸ்க்ரித்தா" என்று தொடங்கும்; கீழே கையொப்பமிட்டவள் என்றே அர்த்தம். விண்ணப்பப் படிவத்திலும் உறுதிமொழியிலும் அது வரலாம். நோக்கக் கடிதத்தில் வந்தால் குமாஸ்தா எழுதியது போல் இருக்கும். தன்னைப் படர்க்கையில் வைத்துக்கொண்டு தன் நோக்கத்தை எப்படிச் சொல்வது?

சரியான அளவுக்கு இரண்டு அடையாளம் சொல்கிறேன். "வேண்டும்" என்று நேராகச் சொல்லும் "வோல்யோ"வுக்குப் பதிலாக, "விரும்புவேன்" என்று பணிந்து வரும் "வொர்ரெய்". இன்னொன்று, "இந்தப் படிப்பு பொருத்தமானது என்று கருதுகிறேன்" என்பது போன்ற வாக்கியங்களில் "கருதுகிறேன்" என்பதற்குப் பின் வரும் வினை உருமாறும்; "ஏ" என்பது "சீயா" ஆகும். வீட்டில் பேசும்போது பலர் மாற்றாமலே பேசுகிறார்கள். கடிதத்தில் மாற்றாவிட்டால், தமிழ்த் தேர்வுத்தாளில் "வந்துச்சு" என்று எழுதியது போல் தெரியும். எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு என்று பிறந்ததிலிருந்து பழகியவர்கள் நாம். இது நமக்குப் புரியாத சங்கதி இல்லை.

"தங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகம்" என்பதை ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதியிருந்தாள். மூன்றையும் எடுத்தோம். அதற்குப் பதிலாக, பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்து, மட்பாண்டம் பற்றிய எந்தப் பாடம் அவள் கேள்விக்கு உதவும் என்று பெயரோடு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். தங்களிடம் வரும் பிள்ளை பாடத்திட்டத்தைப் படித்திருக்கிறாள் என்பதே அவர்களுக்குக் காட்டும் மரியாதை. தொடக்கத்தில் குழுவை விளித்து "ஜென்தீலே கொம்மிஸ்ஸியோனே", முடிவில் "திஸ்தின்தி சலூத்தி". இதற்கு மேல் கும்பிடு தேவையில்லை.

யார் எழுத வேண்டும்?

"பணம் கொடுத்துச் செய்தது டீச்சர், இன்னும் நல்ல ஆளிடம் கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இவற்றை மொழிபெயர்ப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும்; தூதரகமோ பல்கலைக்கழகமோ கேட்கும் முறையில் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும். அதில் நாம் கை வைக்கக் கூடாது. நோக்கக் கடிதத்துக்குப் பொதுவாக அந்தச் சட்டம் இல்லை. அது அவள் குரல்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த முதுகலையில் சேர்க்கும் முன் மாணவரின் தனிப்பட்ட தகுதியைப் பல்கலைக்கழகம் சரிபார்க்கும். பல இடங்களில் அது நேர்முகத் தேர்வாக இருக்கும். வெளிநாட்டு மாணவர்களிடம் இத்தாலிய மொழியில் பி2 அளவு எதிர்பார்ப்பார்கள். கடிதத்தில் பண்டிதர் மாதிரி வாக்கியங்களும் நேரில் பி2 பேச்சும் இருந்தால், எதிரே இருப்பவருக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். "இந்த வாக்கியத்தில் நீங்கள் சொல்ல வந்தது என்ன?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். அதனால் நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான். கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் அவள் வாய்விட்டுப் படித்து, அதையே வேறு வார்த்தையில் இத்தாலியத்தில் சொல்ல முடிய வேண்டும். முடியாத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போக வேண்டும். அப்படி ஐந்து வாக்கியங்கள் போயின. அதில் ஒன்று பக்கத்து வீட்டு அம்மையார் ஆசையாகச் சேர்த்துக் கொடுத்தது. அவரே சிரித்துக்கொண்டு அடித்துவிட்டார்.

கல்வி நடை என்றால் நீளமான வாக்கியம் இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். இத்தாலியப் பேராசிரியர்கள் நீளமாக எழுதுவார்கள், உண்மைதான். ஆனால் ஒரு மாணவியிடம் அவர்கள் தேடுவது அதை இல்லை. சரியான துறைச் சொல், சரியான வினைவடிவம், பாலும் காலமும் தவறாமல் இருப்பது, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் எண்ணம். இவை இருந்தால் குட்டி வாக்கியமும் கல்வி நடைதான்.

கடிதம் இப்போது ஒரு பக்கத்துக்குள் வந்துவிட்டது. போன வாரம் அனுப்பிவிட்டாள். முடிவு வரச் சில மாதங்கள் ஆகும். வந்ததும் அவளே சொல்லட்டும்.

இத்தாலிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் வேறு யாராவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். ஆங்கிலப் பிரதி வேண்டாம். என்ன படித்தாய், எதை ஆழமாகப் பார்த்தாய், ஏன் அந்தப் படிப்பு, பிறகு என்ன, இந்த நாலு கேள்விக்கும் தமிழில் நாலு நாலு வரி எழுதி அனுப்புங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்